பெயரை மாற்றினாலும் பொருந்துகிற பத்தி

"ஐயா, பேச்சுத் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறேன். 'ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?' என்ற கேள்விக்கு 'உலகத்தரக் கல்வி, தலைசிறந்த பேராசிரியர்கள், அதிநவீன ஆய்வகங்கள்' என்று எழுதினேன். விளம்பரத் தாள் மாதிரி இருக்கிறது என்றார் என் சீனியர். நான்கு பாடங்களின் பெயரையும் மூன்று பேராசிரியர்களின் பெயரையும் சேர்த்தேன். இப்பவும் அதேதான் என்கிறார். இன்னும் என்ன சேர்க்க வேண்டும்? கட்டுரையையும், தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் என் இறுதியாண்டு ப்ராஜெக்டின் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்."
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கட்டுரையை ஒரு முறை படித்தேன், ப்ராஜெக்ட் அறிக்கையை இரண்டு முறை. நீங்கள் தேடுகிற பதில் அறிக்கையின் 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறீர்கள். 200 சொற்களை உங்கள் நிரலிடம் கொடுத்ததில் 37 சொற்களைத் தப்பாக வாசித்திருக்கிறது. 'கடல்', 'பக்கம்', 'பங்கு', 'மகன்' எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. சொல்லின் முதலில் வரும் க, இரட்டித்து வரும் க, ங்-க்குப் பின்னால் வரும் க, இரண்டு உயிருக்கு நடுவில் வரும் க என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதிவிட்டீர்கள், விதி வேலை செய்கிறது. ஆனால் 'பஸ்' என்பதில் உள்ள ப-வை 'பல்' என்பதில் வரும் ப போலவே வாசித்திருக்கிறது. 'காந்தி'யின் கா, 'காது' என்பதில் வரும் கா ஆகிவிட்டது. 37 தவறுகளில் 29 இந்த வகை என்று நீங்களே எண்ணிக் குறித்திருக்கிறீர்கள். அட்டவணையின் கடைசி வரியில் 'பாவம்' என்ற சொல். அது ஐயோ பாவமா, நடனத்தில் முகத்தில் வருகிற பாவமா என்பது எழுத்தைப் பார்த்தால் தெரியாது, வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதன் பக்கத்தில் 'விதியால் தீராது' என்று எழுதிவிட்டு அறிக்கையை முடித்திருக்கிறீர்கள்.

அந்த இரண்டு வார்த்தைகள்தான் நீங்கள் மேற்படிப்புக்குப் போவதற்கான காரணம். ஒரு வேலையைக் கையில் எடுத்தீர்கள், ஓர் இடம் வரை வந்தீர்கள், அதற்கு மேல் போகத் தெரியவில்லை. 'ஏன் இந்தப் பல்கலைக்கழகம்' என்ற கேள்விக்கான பதிலை நீங்கள் நின்றுபோன இடத்திலிருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தொடங்கினால் யார் தொடங்கினாலும் ஒரே மாதிரிதான் வரும்.

நான் சில வருடங்கள் ஒரு முதுகலைப் படிப்பின் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். அந்தப் பத்தியைப் படிக்கும்போது எங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இந்த மாணவர் வந்து எதைத் தேடப் போகிறார், அது இங்கே இருக்கிறதா? நல்ல மதிப்பெண் வைத்திருந்த ஒருவரை ஒரு முறை நாங்கள் எடுக்கவில்லை. அவர் எழுதியிருந்த ஆர்வத்துக்கு எங்கள் துறையில் யாருமே இல்லை. வந்திருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்கும். எங்கள் துறையைப் புகழ்ந்த வரிகளை நாங்கள் படித்த மாதிரியே இருக்காது. அதை எழுதிக் கொடுத்ததே நாங்கள்தானே. பெயர்ப் பட்டியலும் அப்படித்தான். மாணவர் எங்கள் பக்கத்தைத் திறந்தார் என்பது அதிலிருந்து தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது.

சரி, இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

நான்கு பாடங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, மெஷின் லேர்னிங். இது இல்லாத பல்கலைக்கழகம் இன்றைக்கு அரிது. அதனால் எடின்பரோவைத் தேர்ந்தெடுக்க இது காரணம் ஆகாது. இரண்டு, கம்ப்யூட்டர் விஷன். உங்கள் அறிக்கையில் படம் சம்பந்தப்பட்ட வேலை எதுவுமே இல்லை. படிப்பவர் இங்கே நின்று 'இவருக்கு என்னதான் வேண்டும்?' என்று யோசிப்பார். மூன்று, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பாடம். நல்ல பாடம்தான், ஆனால் நீங்கள் செய்தது அதற்கு நேரெதிர் திசை. நான்காவதாக, எழுத்தைப் பேச்சாக்கும் 'ஸ்பீச் சிந்தசிஸ்' இருக்கிறது. இது ஒன்றுதான் உங்களுடையது. அதையும் பெயரோடு விட்டுவிட்டீர்கள்.

பேராசிரியர்களில் முதல் பெயராக ஆலன் பிளாக் என்று இருக்கிறது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ப்ராஜெக்டில் எழுத்தைப் பேச்சாக்கும் ஃபெஸ்டிவல் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது 1990களில் எடின்பரோவின் பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் பிறந்தது, அதன் கையேட்டில் முதலில் இருப்பது அவர் பெயர். ஆனால் அவர் 1999இலேயே அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பல வருடங்களுக்கு முன் போய்விட்ட ஒருவரிடம் பயில விரும்புகிறேன் என்று எடின்பரோவுக்கே எழுதுவது, ஒரு வீட்டின் கதவைத் தட்டி முன்னாள் குடித்தனக்காரரைக் கேட்பது போல. இந்த ஒரு வரி போதும், மற்ற வரிகளையும் படிப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கிற தவறு இல்லை. ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே இருக்கும் முகவரி, அந்தக் கட்டுரை வந்த காலத்து முகவரி. ஷின்ஜி வதனபே குழுவினர் 2018இல் ஈஎஸ்பிநெட் என்ற கருவியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் பெயருக்கு நேரே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் என்று இருக்கும். 2021இல் அவர் கார்னகி மெல்லனுக்கு மாறிவிட்டார். அதனால் ஒரு பெயரை எழுதும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்றைய ஆசிரியர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? அவருடைய சொந்தப் பக்கத்தில் ஓய்வு, விடுப்பு, இடமாற்றம் என்று ஏதாவது போட்டிருக்கிறாரா? கடந்த இரண்டு வருடக் கட்டுரைகளில் முகவரி என்னவாக இருக்கிறது? மூன்றும் ஒத்துப்போனால் எழுதலாம். பத்து நிமிட வேலை.

அப்புறம் இன்னொன்று. 'உங்கள் இன்ஃபர்மேட்டிக்ஸ் துறையின் இந்தப் படிப்பு' என்று தொடங்கியிருக்கிறீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற 'ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் ப்ராசஸிங்' படிப்பை நடத்துவது இன்ஃபர்மேட்டிக்ஸ் துறை இல்லை. தத்துவம், உளவியல், மொழி அறிவியல் மூன்றும் சேர்ந்த புலத்தின் கீழ் மொழியியல் துறை நடத்துகிறது. இன்ஃபர்மேட்டிக்ஸ் பாடங்களையும் எடுக்கலாம், பேச்சு ஆய்வு மையமும் இரண்டு புலத்துக்கும் பொதுவானது. ஆனால் வீடு மொழியியல்தான். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் உங்களுக்கே லாபம். 'பஸ்'ஸும் 'பாவ'மும் மொழியியல்காரர் காதில் உடனே விழுகிற பிரச்சினைகள்.

இனி எங்கே தேடுவது என்று சொல்கிறேன். படிப்பின் முகப்புப் பக்கத்தை மூடிவிடுங்கள். அது மாணவரை வரவழைக்க எழுதியது, அங்கிருந்து எடுக்கிற சொல் எல்லாம் விளம்பரச் சொல்லாகத்தான் இருக்கும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்குப் பின்னால் வறட்டு நடையில் பாடவிவரப் பட்டியல் ஒன்று இருக்கும். உள்ளே படிக்கிற மாணவர்கள் பதிவு செய்யப் பார்ப்பது அதைத்தான். எடின்பரோவில் அதற்கு DRPS என்று பெயர். ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. எந்த செமஸ்டரில் நடக்கிறது, இந்த ஆண்டு நடக்கிறதா இல்லையா, முன்னதாக எதைப் படித்திருக்க வேண்டும், தேர்வுக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு, பொறுப்பாளர் யார் என்று எல்லாம் இருக்கும்.

உங்களுக்கு வேண்டிய பாடத்தின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, ஸ்பீச் சிந்தசிஸ் எடுக்க வேண்டுமானால் 'ஸ்பீச் ப்ராசஸிங்' முடித்திருக்க வேண்டும் என்பது. உங்கள் கட்டுரையில் ஸ்பீச் ப்ராசஸிங்கின் பெயரே இல்லை. சரியாகச் சொன்னால் உங்கள் 31ஆம் பக்கத்துக்கு விடை சொல்லித்தருகிற பாடம் அதுதான். ஒரு வாக்கியத்தைக் கணினி வாயைத் திறந்து சொல்வதற்கு முன்னால் நடக்கிற வேலை முழுவதும் அதில் வருகிறது. எழுத்துவரிசையைச் சொற்களாக உடைப்பது, எண்களையும் சுருக்கங்களையும் விரிப்பது, ஒரே எழுத்தில் இரண்டு உச்சரிப்பு உள்ள சொற்களைப் பிரித்தறிவது, அகராதியில் இல்லாத சொல்லை எப்படி உச்சரிப்பது என்று ஊகிப்பது. 'பாவம்' மூன்றாவதில் வரும், 'பஸ்' நான்காவதில் வரும்.

அந்தப் பாடங்களைப் பல ஆண்டுகளாக நடத்தியவர் சைமன் கிங். அவருடைய வகுப்புக் காணொளிகளும் செய்முறைப் பயிற்சிகளும் speech.zone என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. நீங்கள் சேர்வதற்கு முன்பே உட்கார்ந்து பார்க்கலாம். பயிற்சி ஒன்றில், ஃபெஸ்டிவல் பேசுவதைக் கேட்டு அது எங்கெங்கே தப்பு செய்கிறது, அந்தத் தப்பு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் தமிழில் யாரும் சொல்லாமலே செய்தது அதைத்தான். அடுத்த பாடத்தின் பயிற்சியில் மாணவர்கள் தங்கள் குரலையே பதிவு செய்து, துண்டுகளாக்கி, அதைக் கொண்டு பேசும் ஒரு செயற்கைக் குரலைக் கட்டுகிறார்கள். இந்த இரண்டு பயிற்சிகளையும் தெரிந்துகொண்ட ஒருவர் எழுதுகிற வாக்கியம் வேறு மாதிரி வரும்.

பாடத்தைப் பற்றிய விவரம் எந்த அளவுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பாடத்தின் பெயர் வரை போவது போதாது, பாடத்துக்குள் நடக்கிற ஒரு வேலை வரை போக வேண்டும் என்பேன். ஒரே பெயரில் பத்து இடத்தில் பாடம் இருக்கும். அதற்குள் கொடுக்கிற பயிற்சி, படிக்கிற வரிசை, பயன்படுத்துகிற கருவி இவைதான் ஓர் இடத்துக்கு உரியவை.

பேராசிரியருக்கும் இதே அளவுதான். அவர் துறைத்தலைவரா, எத்தனை விருது வாங்கியவர் என்பது உங்கள் கட்டுரைக்கு வேண்டாம். அவர் எழுதியதில் உங்கள் பிரச்சினையைத் தொடுகிற ஒரு கட்டுரையைத் தேடுங்கள். ஒன்று போதும், ஆனால் அதை உண்மையிலேயே படியுங்கள்.

நான் தேடிப் பார்த்ததில் உங்களுக்குப் பொருந்துவதாக ஒன்று கிடைத்தது. கோரின் ரிச்மண்ட் அந்த ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2009இல் இன்டர்ஸ்பீச் மாநாட்டில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். அவர்கள் உருவாக்கிய காம்பிலெக்ஸ் என்ற ஆங்கில உச்சரிப்பு அகராதியைப் பற்றியது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் நேர்த் தொடர்பு குறைவு என்பது நமக்குத் தெரிந்ததுதானே. மூன்று எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும், ஓர் எழுத்து ஊமையாக நிற்கும். காம்பிலெக்ஸில் ஒவ்வொரு சொல்லிலும் எந்த எழுத்து எந்த ஒலிக்குச் சொந்தம் என்று வெளிப்படையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைக் கொண்டு, புதிய சொல்லை உச்சரிக்கும் விதிகளை ஃபெஸ்டிவலுக்குக் கற்பித்தால் எவ்வளவு முன்னேற்றம் என்று அளந்தார்கள். கணினியே ஊகித்துப் பொருத்தியபோது 84.49 சதவீதச் சொற்கள் சரி. குறிப்பைப் பயன்படுத்தியபோது 86.50 சதவீதம்.

இங்கே நிறுத்தி, 'இது தமிழுக்கு எப்படி?' என்று யோசியுங்கள். தமிழில் எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்பது பெரும்பாலும் குழப்பமே இல்லை. 'பஸ்'ஸில் ப-வின் ஒலி முதலில், ஸ்-இன் ஒலி அடுத்து. அந்தப் ப எந்தப் ப என்பதுதான் குழப்பம், அதை முடிவு செய்வது அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது. அப்படியானால் ஆங்கில அகராதியில் எழுத்து-ஒலிப் பொருத்தத்தைக் குறித்து வைத்ததுபோல, தமிழ் அகராதியில் சொல்லின் வரவைக் குறித்து வைத்தால் என்ன ஆகும்? உங்கள் 29 தவறுகளில் எத்தனை போகும்? விடை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. கேள்வி உங்களுடையதாக இருக்கிறது, அதை அங்கே உள்ளவரின் வேலையே கிளப்பியிருக்கிறது. விண்ணப்பத்துக்கு இவ்வளவு இருந்தால் நிறைவு.

ஆக, அறிக்கையும் பாடவிவரமும் ஒரு கட்டுரையும் சேர்ந்த பிறகு உங்கள் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும். விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், இங்கே தமிழில் தருகிறேன்.

"என் இறுதியாண்டுத் திட்டத்தில் தமிழ் எழுத்தை ஒலியாக்க விதிகள் எழுதினேன். சோதித்த 200 சொற்களில் 37 தவறாக வந்தன. அவற்றில் 29, பிறமொழியிலிருந்து வந்த சொற்கள். எழுத்து ஒன்றாக இருந்தும் ஒலி வேறு என்பதால் என் விதிகள் அங்கே தோற்றன. 'பாவம்' போன்ற சொற்களுக்குச் சூழலைப் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கான வழி எனக்குத் தெரியவில்லை. ஸ்பீச் ப்ராசஸிங் பாடத்தில் ஒரே எழுத்தில் இரண்டு உச்சரிப்பு உள்ள சொற்களைப் பிரித்தறிதலும் உச்சரிப்பு ஊகமும் தனித்தனிக் கட்டங்களாக வருகின்றன. ஃபெஸ்டிவலின் தவறுகளை அவை விழுந்த கட்டத்தோடு இணைத்துக் காட்டும் பயிற்சியைத் தளத்தில் பார்த்தேன், அதே முறையில் என் 37 சொற்களையும் மீண்டும் வகைப்படுத்திப் பார்த்தேன். காம்பிலெக்ஸ் பற்றிய 2009ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுத்து-ஒலிப் பொருத்தத்தை அகராதியிலேயே குறிப்பது விதிகளை மேம்படுத்துவதைக் கண்டேன். தமிழில் அந்தப் பொருத்தம் எளிது. சொல்லின் தோற்றத்தைக் குறிப்பது அதே பயனைத் தருமா என்பதை ஆய்வேட்டில் சோதிக்க விரும்புகிறேன். ஸ்பீச் சிந்தசிஸ் பாடத்தில் குரல் கட்டக் கற்றுக்கொண்டால் விளைவைக் காதால் கேட்டும் மதிப்பிட முடியும்."

இதில் 'தலைசிறந்த' இல்லை, 'கனவு' இல்லை, தரவரிசை இல்லை. எடின்பரோ என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டுப் பாருங்கள், இரண்டாவது பாதி உடைந்துவிடும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறொரு மாணவர் பெயரைப் போட்டாலும் முதல் பாதி உடைந்துவிடும். பொதுவாக எல்லோரும் முதல் சோதனையை மட்டும் செய்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் விவரங்கள் கச்சிதமாக இருந்தும் எழுதியவர் யார் என்றே தெரியாத பத்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள்.

மாதிரிப் பத்தியில் ஒரு வரியைக் கவனியுங்கள்: 'என் 37 சொற்களையும் மீண்டும் வகைப்படுத்திப் பார்த்தேன்.' இதை நீங்கள் இன்னும் செய்யவில்லை. செய்த பிறகுதான் அந்த வரியை எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒருவேளை வகைப்படுத்தும்போது எண்ணிக்கை மாறலாம், 29 என்பது 26 ஆகலாம். அப்படியானால் மாறிய எண்ணை எழுதுங்கள். அதேபோல 2009 கட்டுரையை என் சுருக்கத்தை வைத்து எழுதாதீர்கள். நான்கைந்து பக்கம்தான், நீங்களே படியுங்கள். நேர்காணலோ மின்னஞ்சல் விசாரணையோ வந்தால் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

ஆய்வேடு பற்றிய வாக்கியத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டு 'அவர் வழிகாட்டலில்' என்று எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. இது பாடம் நடத்தி முடிக்கிற ஓராண்டு முதுகலை. மொத்தம் 180 கிரெடிட்டில் 120 பாடங்களுக்கு, 60 ஆய்வேட்டுக்கு. சேரும் முன்பே வழிகாட்டியை உறுதி செய்துகொண்டு போகிற படிப்பு இல்லை. தலைப்பையும் வழிகாட்டியையும் அங்கே போன பிறகு பொருத்துவார்கள். 'இன்னாரிடம்தான் செய்வேன்' என்று எழுதினால் படிப்பின் அமைப்பே புரியவில்லை என்று ஆகிவிடும். 'இந்தக் கேள்வியைச் சோதிக்க விரும்புகிறேன்' என்றால் பிரச்சினை இல்லை. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் கதை தலைகீழ். அங்கே பேராசிரியர்தான் முக்கியம், பெரும்பாலும் அவருக்கு முன்கூட்டியே எழுதிப் பேசிவிட்டுத்தான் விண்ணப்பமே போடுவார்கள்.

இதே பத்தியைக் கார்னகி மெல்லனுக்கு எப்படி மாற்றுவது என்று அடுத்து கேட்பீர்கள், கட்டுரையின் கீழே அந்தப் பெயரையும் குறித்திருக்கிறீர்களே. முதல் பாதி அப்படியே இருக்கும், உங்கள் 37 சொற்கள் எங்கே போனாலும் 37தான். இரண்டாவது பாதியைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அங்கே மொழித் தொழில்நுட்ப நிறுவனத்தின் எம்எல்டி படிப்பு இரண்டு ஆண்டு, ஆய்வை மையமாகக் கொண்டது, ஒரு பேராசிரியரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதனால் எடின்பரோவுக்கு வேண்டாம் என்று சொன்ன பெயர் அங்கே அவசியமாகிறது. உங்கள் பட்டியலில் தவறான ஊரில் நின்ற ஆலன் பிளாக் 2019இல் வில்டர்னஸ் என்ற பேச்சுத் தரவுத்தொகுப்பை வெளியிட்டார், சுமார் 700 மொழிகளுக்கானது. தரவு குறைந்த மொழிகளுக்குக் குரல் கட்டுவது அவர் நீண்டகாலம் செய்த வேலை. ஆனால் உங்கள் கேள்வி தரவு குறைவு பற்றியதா, உச்சரிப்பு பற்றியதா? இரண்டும் ஒன்றில்லை. அவரைச் சொல்வதற்கு முன் அதை யோசியுங்கள், அவர் இப்போது மாணவர்களை எடுக்கிறாரா என்றும் பாருங்கள். பன்மொழிச் செயலாக்கத்துக்கென்று 11-737 என்ற எண்ணில் ஒரு பாடம் 2020இலும் 2022இலும் நடந்தது, அதன் விரிவுரைகள் இணையத்தில் கிடைக்கின்றன. கிடைக்கிறது என்பதால் நீங்கள் போகும் ஆண்டில் நடக்கும் என்று ஆகாது. அந்த ஆண்டுக்கான கால அட்டவணையில் எண் இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால், அந்த விரிவுரைகளைப் பார்த்ததில் உங்கள் வேலை எப்படி மாறியது என்று எழுதலாம், அது எந்த ஆண்டிலும் உண்மை.

தேடித் தேடியும் ஒரு பல்கலைக்கழகத்தில் உங்கள் 31ஆம் பக்கத்தோடு ஒட்டுகிற பாடமோ ஆளோ கிடைக்காமல் போகலாம். அப்போது பத்தியைச் சோடித்து எழுத முயலாதீர்கள். அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணமும் மிச்சம், ஒரு வருடமும் மிச்சம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் சொல் கட்டுரையில் இந்தப் பகுதிக்கு 150 முதல் 200 சொல் போதும். உங்கள் கட்டுரையில் இப்போது 340 இருக்கிறது. ஊரின் அழகு, பன்முகப் பண்பாடு, பல்கலைக்கழகத்தின் பழமை பற்றிய வாக்கியங்களை எடுத்துவிட்டால் பாதி குறைந்துவிடும். 'ஓராண்டில் முடிகிறது' என்ற வரி இருக்கட்டும். அதற்கு முந்தைய பத்தியில் அடுத்த ஆண்டு வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதைச் சொல்லியிருக்கிறீர்கள், இரண்டும் பொருந்துகின்றன.

கடைசியாக, சமர்ப்பிக்கிற நாளுக்கு முந்தைய நாள் பாடவிவரப் பக்கங்களை இன்னொரு முறை திறந்து பாருங்கள். பக்கத்தின் மேலே எந்தக் கல்வியாண்டு என்று போட்டிருக்கும். நீங்கள் இன்று படிப்பது நடப்பு ஆண்டின் பக்கமாக இருக்கலாம், அடுத்த ஆண்டுக்கான பக்கம் அதற்குள் வெளியாகியிருக்கும். பொறுப்பாளர் பெயரோ செமஸ்டரோ மாறியிருந்தால் ஒரு சொல்லை மாற்றினால் போதும். பாடமே நிறுத்தப்பட்டிருந்தால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.